அதே சாப்பாடு, அதே நடை... அம்மாவின் கொலஸ்ட்ரால் ஏறியது ஏன்?

49 வயதுப் பெண் ஒருவரின் இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடம் முன்பு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 118. இப்போது 134. எடை மாறவில்லை, காலை நடை நிற்கவில்லை. ஆனாலும் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்ததுமே வீட்டில் தீர்ப்பு சொல்லியாச்சு: “நெய்யைக் குறைம்மா!”

நெய்யைக் குறைப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த 16 புள்ளி ஏற்றத்துக்கு நெய் மட்டும்தான் காரணமா? அதைத் தெரிந்துகொள்ள ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது? அவருடைய பதில்: “13 மாசம் ஆச்சு.”

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். அதற்குள் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெருமளவு நின்றுபோயிருக்கும். இந்த ஹார்மோனுக்குக் கருப்பையில் மட்டுமல்ல, கல்லீரலிலும் வேலை உண்டு. கல்லீரல் செல்களின் மேல் கொக்கி போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் மிதந்து வரும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது இவைதான். இந்தக் கொக்கிகளின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அது குறைந்தால் கொக்கிகளும் குறையும், எல்டிஎல் ரத்தத்திலேயே அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதாவது, உள்ளே வருவது கூடவில்லை, வெளியேறுவது குறைந்துவிட்டது.

அமெரிக்காவில் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. ரத்த அழுத்தம் போன்றவை வயதோடு மெல்ல ஏறின. எல்டிஎல் மட்டும் கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் சட்டென எகிறியது.

ரத்தக் குழாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. அந்தச் சுரப்பை ஈஸ்ட்ரோஜன் தூண்டுகிறது. அது போனால் குழாய் விறைப்பாகும். எல்டிஎல் ஏறும் அதே காலத்தில் இதுவும் நடப்பதுதான் சிக்கல்.

சரி, எலும்பு? நம் எலும்பு வாழ்நாள் முழுக்க இடித்துக் கட்டப்படும் வீடு. இடிக்கும் செல்கள் ஒரு குழியைத் தோண்ட சில வாரங்கள் போதும். கட்டும் செல்கள் அதை நிரப்ப சில மாதங்கள் ஆகும். இடிக்கும் செல்களின் ஆயுளைக் குறைத்து, “போதும், நிறுத்து” என்று சொல்வது ஈஸ்ட்ரோஜன். அது இல்லாவிட்டால் தோண்டும் வேலை நீள்கிறது, நிரப்பும் வேலை பின்தங்குகிறது. கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிருந்து இரண்டாண்டு பின்பு வரை இழப்பு வேகமாக இருக்கும். முதுகெலும்பில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். தேன்கூடு போன்ற உள்ளமைப்பு கொண்ட முதுகெலும்பும் மணிக்கட்டும் முதலில் அடிவாங்குகின்றன. வலியே இருக்காது. வழுக்கி விழுந்து கையூன்றியதும் மணிக்கட்டு முறிவதோ, இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருப்பதோதான் பலருக்கு முதல் தடயம்.

இவரிடம் மருத்துவர் முதலில் பார்க்கச் சொன்னது தைராய்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், மாதவிடாயும் குழம்பும் என்பதால், அதைப் பார்க்காமல் மெனோபாஸ் மேல் பழி போடக் கூடாது. அது நார்மல். இவருடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறு இருந்ததால் டெக்ஸா ஸ்கேனும் எடுத்தார்கள். முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.6. மைனஸ் 2.5 வந்தால்தான் எலும்புப்புரை. இது அதற்கு முந்தைய கட்டம். மாத்திரை தரவில்லை. எடை தூக்கும் பயிற்சியும், உணவில் கால்சியமும் புரதமும் கூட்டச் சொன்னார்கள். எல்டிஎல் 134-க்கும் உடனே மாத்திரை இல்லை. பிரஷர், சுகர், குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்துத்தான் அந்த முடிவு.

“அப்போ ஈஸ்ட்ரோஜனையே மாத்திரையா எடுத்துக்கலாமே?” நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்தது. ஆனால் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடின. 2002-ல் அந்தப் பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும் மறக்க வேண்டாம். இன்று 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு, உடல் திடீரெனக் கொதிக்கும் தொல்லை அதிகமாக இருந்தால், ஆபத்துகளைப் பார்த்து ஹார்மோன் தருகிறார்கள். இதயத்தைக் காப்பாற்ற என்று மட்டும் தருவதில்லை.

கருப்பையை அகற்றியவர்களுக்கு மாதவிடாயை வைத்துக் கணக்குப் போட முடியாது. சினைப்பை உடலிலேயே இருந்தால் ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து சுரக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், 38 வயதானாலும் அன்றே மெனோபாஸ்தான். அம்மாவின் ஃபைலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால், எதை எடுத்தார்கள் என்று அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.