ஒவ்வொரு முறையும் புதுக் குகை

டெரக் யூ 2008-இல் வெளியிட்ட ‘ஸ்பெலங்கி’ விளையாட்டில் செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆனால் பழைய குகை அங்கே இருக்காது.

கணினி முதலில் குகையை 4-க்கு 4 என்று 16 அறைகளாகப் பிரிக்கிறது. மேல்வரிசையில் ஓர் அறையில் தொடங்கி, 1 முதல் 5 வரை ஓர் எண்ணை எடுக்கிறது. 1, 2 வந்தால் இடப்பக்கம்; 3, 4 வந்தால் வலப்பக்கம்; 5 வந்தால் கீழே. ஓரச்சுவரில் முட்டினாலும் கீழேதான். கடைசி வரிசையிலும் இறங்கப் பார்த்தால் அந்த அறையே வெளிவாசல். வழி உறுதியான பிறகுதான், ஆட்கள் முன்பே வடிவமைத்த அறை மாதிரிகளைப் பொருத்திப் பொறிகளையும் பாம்புகளையும் தூவுகிறது. எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்திடம் விட்டிருந்தால் வாசலுக்குப் போகவே முடியாத குகைகள் வந்திருக்கும்.

அந்த எண்களும் ‘விதை’ எண் ஒன்றிலிருந்து கணக்குப் போட்டு வருபவையே. விதை மாறினால் குகை மாறும். ஒரே விதை என்றால் ஒரே குகை. பின்னாளைய பதிப்பின் தினசரிப் போட்டியில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வரைபடம்தான்.