லோகோவை “நல்லாப் பண்ணு” என்றால் எதை மாற்றுவது?

தையல் கடை வைத்திருக்கும் என் மாமா, ஒரு நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே ஒரு வரி: “மாப்ளே, கடை லோகோ. கொஞ்சம் நல்லாப் பண்ணிக் கொடு.” மறுநாள் 1,000 விசிட்டிங் கார்டும் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டும் அச்சுக்குப் போக வேண்டும்.

பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. நிறம்தான் கோளாறு என்று நினைத்து, நான்கு நிறங்களில் மாற்றி அனுப்பினேன். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ இடிக்குது” என்று பதில் வந்தது. ஒரு மணி நேரம் வீண்!

நிறம், எழுத்து, அமைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததுதான் என் தவறு. நிறம் முதலில் கண்ணை இழுப்பதால் மற்ற இரண்டும் மறைந்துவிடுகின்றன. எனவே மூன்றையும் தனித்தனியே சோதித்தேன். இதற்கு இலவச மென்பொருளான GIMP போதும். படத்தை நகல் எடுத்துக்கொண்டு, நகலைத் திறந்துகொள்ளுங்கள்.

நிறம்: Image > Mode > Grayscale என்பதைக் கிளிக் செய்யுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். மாமாவின் லோகோவில் கடைப் பெயரே கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அந்தச் சிவப்பும் (ff0000) பச்சையும் (008000) வேறு வேறு நிறங்கள்தான். ஆனால் வெளிச்ச அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். வெள்ளையில் கறுப்புக்கு 21, ஒரே நிறத்துக்கு 1. இணையப் பக்கங்களில் சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது விதி. மாமாவின் லோகோவுக்குக் கிடைத்தது 1.3 மட்டுமே. அதே பச்சையில் எழுத்தை மட்டும் மஞ்சளாக்கினால் (ffff00) 4.8 வருகிறது. பின்னணியைத் தொடவே வேண்டாம்.

அமைப்பு: இப்போது Colors > Threshold திறந்து, எழுத்து வெள்ளையாகவும் பின்னணி கறுப்பாகவும் பிரியும் வரை ஸ்லைடரை நகர்த்தி ஓகே கொடுங்கள். நிறத்தின் தொந்தரவு இல்லாமல் வடிவம் மட்டும் மிஞ்சும். அடுத்து Image > Scale Image சென்று அகலத்தை 64 பிக்சல் ஆக்கி, 100 சதவீத அளவில் பாருங்கள். எது முதலில் தெரிகிறதோ, அதற்குத்தான் லோகோவில் முதலிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எனக்குக் கத்தரிக்கோல் மட்டுமே தெரிந்தது. பெயர் மேலே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டிருந்தது. வாட்ஸ்அப் புரொஃபைல் படம் வட்டமாகத் தெரியும். மூலைகள் வெட்டப்பட்டபோது பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போயின.

எழுத்து: Ctrl+Z அழுத்திப் பழைய அளவுக்குத் திரும்புங்கள். எழுத்தின் நெடுக்குக் கோடுகள் தடித்து, படுக்கைக் கோடுகள் மெலிந்து, சுழிகள் படுத்த முட்டைபோல இருந்தால், இடத்தை நிரப்ப ஃபாண்ட்டைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு Image > Print Size என்பதில் அகலத்தை 20 மில்லிமீட்டர் வைத்து அச்சிடுங்கள். கார்டில் லோகோ ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் வரும். என் பிரிண்ட்டில் “டெய்லர்ஸ்” என்ற சொல்லின் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, ‘ர்’ வெறும் ‘ர’ ஆகிவிட்டது.

பிறகு மாமாவுக்கு மூன்று வரிகள் அனுப்பினேன்:

1. அமைப்பு: பெயர் ஓரம் வரை போகிறது, வட்டத்தில் வெட்டுப்படுகிறது. கத்தரிக்கோலைச் சிறிதாக்கி, பெயரை நடுவில் இரண்டு வரியாக வைக்கலாமா?
2. எழுத்து: இழுக்காத, புள்ளி தனித்து நிற்கும் ஃபாண்ட் வேண்டும்.
3. நிறம்: பச்சை இருக்கட்டும், எழுத்தை மட்டும் மஞ்சளாக்கலாம்.

உடனே போன் வந்தது. “அதேதான் மாப்ளே, வட்டத்துல பேரு வெட்டுப்படுதே, அதுதான் இடிச்சுது!” அவருக்கு நிறத்தில் குறையே இல்லை. அதை மட்டும்தான் நான் நான்கு தடவை மாற்றியிருந்தேன். இருந்தாலும் 1.3 என்ற கணக்கைச் சொன்னதும் மஞ்சளுக்குச் சம்மதித்தார்.

ஒன்றை மறக்காதீர்கள். JPG படத்தில் எழுத்தும் பின்னணியும் ஒரே பிக்சல் பரப்பாகிவிடுவதால், எழுத்தையும் அமைப்பையும் அதிலேயே சுத்தமாகத் திருத்த முடியாது. ஃப்ளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினால் படிக்கட்டாக உடையும். லோகோ செய்த டிடிபி கடையில் கோரல்டிரா ஃபைலை (.cdr) கேளுங்கள். நாங்களும் அந்த மூன்று வரிகளைக் கடைக்கு அனுப்பினோம். காலையில் ஃபைலைத் திருத்தி, அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.