அஞ்சு பத்தா, அஞ்சு ஒண்ணா?

எங்கள் ஊரில் திருமணத் தகவல் மையம் நடத்தும் நண்பர் ஒருவர், 412 பேர் விவரம் அடங்கிய எக்ஸெல் கோப்பை என்னிடம் கொடுத்தார். அவர் புதிதாகச் சேர்ந்த இணையதளம் உயரத்தைச் சென்டிமீட்டரில்தான் ஏற்கும். அவரிடம் இருந்ததெல்லாம் அடியும் அங்குலமும். “ஒரு பெருக்கல்தானே, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்” என்றார். எனக்கு மூன்று சாயங்காலம் போனது.

பெருக்கலில் சிக்கல் ஏதும் இல்லை. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி கெஜத்துக்கு ஒரே அளவைத் தீர்மானித்தன. அதன்படி ஓர் அங்குலம் என்பது சரியாக 2.54 செ.மீ.; தோராயம் கிடையாது. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, ஆகவே அடிக்கு 30.48 செ.மீ. ஐந்தடி ஏழு அங்குலம் என்றால் 152.4 உடன் 17.78ஐக் கூட்டி 170.18. பள்ளிக் கணக்குதான்.

ஆனால் கோப்பில் இருந்தவை எண்களே அல்ல, ஆளுக்கொரு விதமாகத் தட்டிய எழுத்துகள். ஒருவர் 5'7" என்று அடித்திருந்தார், இன்னொருவர் 5.7 என்று. சிலர் 5-7, சிலர் ‘5 அடி 7’. கைபேசியில் நிரப்பியவர்களின் மேற்கோள் குறிகள் தாமாக வளைந்து 5’7” ஆகியிருந்தன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு நேர்க்குறியும் வளைந்த குறியும் வேறு வேறு எழுத்து.

நண்பரின் தம்பி எனக்கு முன்பே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தான். புள்ளி போட்டு எழுதிய உயரங்களை எல்லாம் அப்படியே 30.48ஆல் பெருக்கிவிட்டான். 5.7 என்பது 173.7 ஆனது. உண்மையில் அது 170.2, மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. பட்டியலை உயர வரிசையில் அடுக்கியபோதுதான் குட்டு உடைந்தது. ஐந்தடி ஒன்பது அங்குலக்காரர் 179.8இல் நிற்க, ஐந்தடி பதினோரு அங்குலக்காரர் 155.8க்கு இறங்கியிருந்தார்! இரண்டு அங்குலம் கூடுதலான ஆள் ஒன்பதங்குலத்துக்கும் மேல் குள்ளமாகிப் போனார்.

காரணம் அந்தப் புள்ளி. நாம் 5.11 என்று எழுதும்போது அது தசமப் புள்ளி இல்லை. அடியையும் அங்குலத்தையும் பிரிக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். பத்துக்குப் பத்தாக ஏறும் தசமத்துக்கும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக ஏறும் அங்குலத்துக்கும் ஒட்டாது. ஆகவே முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், பிறகுதான் பெருக்கல். மனிதர் யாருக்கும் அடி இரண்டு இலக்கத்துக்குப் போகாது என்பது நமக்கு வசதி. முதல் எழுத்து அடி, இரண்டாவது எதுவாக இருந்தாலும் பிரிக்கும் குறி, மூன்றாவதிலிருந்து அங்குலம். ‘அடி’ என்ற சொல்லை ' ஆகவும், வளைந்த குறிகளை நேர்க்குறிகளாகவும் முதலில் மாற்றிவிட்டு, B நெடுவரிசையில் இடைவெளியையும் இரட்டைக் குறியையும் நீக்கினேன். C நெடுவரிசையில் கணக்கு:

```
B2:  =SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),"""","")
C2:  =LEFT(B2,1)*30.48+("0"&MID(B2,3,2))*2.54
```

இரண்டாவது வரியில் அந்த "0" எதற்கென்றால், ஐந்தடி மட்டும் எழுதி அங்குலத்தை விட்டவர்களுக்காக. அது இல்லாவிட்டால் அந்த வரியில் #VALUE! என்று வரும். அங்குலத்துக்கு ஒற்றைக் குறியை இரண்டு தடவை தட்டியவர்கள் சிலருக்கும் #VALUE! வந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கத்துகிற பிழை நல்ல பிழை, போய்த் திருத்திவிடலாம்.

5-7 என்று எழுதியவர்கள் வேறு கதை. எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு ஜூலை 5 ஆக்கிவிடுகிறது. 2024இல் தட்டியிருந்தால் உள்ளே இருப்பது 45478 என்ற எண். என் சூத்திரம் அதை நான்கடி நாற்பத்தேழு அங்குலமாகப் படித்து 241.3 செ.மீ. என்றது. எட்டடி மாப்பிள்ளை! 140க்குக் கீழோ 200க்கு மேலோ வருவதை எல்லாம் சிவப்பாக்கு என்று ஒரு கட்டளை போட்டிருந்ததால் இவர்கள் தாமாகவே வெளியே வந்தார்கள். 5.75 என்று எழுதிய ஒருவரும் அதே வலையில் விழுந்தார். அவர் வீட்டில் ‘அஞ்சே முக்கால் அடி’ என்று சொல்லியிருக்கிறார்கள், அதாவது ஐந்தடி ஒன்பது. இதில் ஒரு உபத்திரவம் உண்டு. ‘அஞ்சரை அடி’ என்று சொன்னதை 5.5 என்று அடித்தால் அது ஐந்தடி ஆறா, ஐந்தடி ஐந்தா என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஓர் அங்குலம்தான் என்று அதை விட்டுவிட்டேன்.

விட முடியாதது 5.1. பட்டியலில் அது 31 இடத்தில் இருந்தது. 5.9 இருந்தது, 5.11 இருந்தது, 5.10 மட்டும் ஒன்றுகூட இல்லை. 31 பேரில் 22 பேர் ஆண்கள். ஐந்தடி பத்தில் ஒரு ஆண்கூட இல்லாமல், ஐந்தடி ஒன்றில் இத்தனை பேரா? தட்டச்சு செய்த பெண்ணைக் கேட்டேன். “சார், நான் 5.10-னுதான் அடிச்சேன்” என்றாள். பொய் சொல்லவில்லை. எண் என்று நினைத்த எக்ஸெல், கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று எடுத்துவிட்டது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘Text’ வடிவத்துக்கு மாற்றியிருந்தால் பூஜ்யம் தங்கியிருக்கும். போன பிறகு மாற்றினால் திரும்பி வராது.

இந்தப் பிழை கத்தாது. ஐந்தடி பத்து 177.8 செ.மீ., ஐந்தடி ஒன்று 154.94. இரண்டுமே மனித உயரம், சிவப்புக் கட்டளைக்கு அகப்படாது. ஆனால் பெண் வீட்டார் இணையதளத்தில் ‘165க்கு மேல்’ என்று தேடினால் அந்தப் பையன் திரையிலேயே வரமாட்டான்.

தசமம் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். தேவையில்லை. அடுத்தடுத்த அங்குலங்களுக்கு இடையே இரண்டரை சென்டிமீட்டர் இருப்பதால், முழு எண்ணாக்கினாலும் இரண்டு உயரம் ஒன்றாகிவிடாது. திரும்ப அடிக்கு மாற்றும்போது மட்டும் மொத்த அங்குலத்தை முதலில் முழுதாக்கிவிட்டு, பிறகு அடி பிரிக்க வேண்டும். முறை மாறினால், நேரடியாகச் சென்டிமீட்டரில் கொடுத்த 182 செ.மீ. ஆள் ‘5 அடி 12 அங்குலம்’ ஆகிவிடுவார்.

மூன்றாம் நாள் மாலை, 31 பேருக்கும் போன் போட உட்கார்ந்தோம். முதல் எண்ணில் ஒரு அப்பா எடுத்தார். “ஐயா, தம்பி உயரம் அஞ்சு ஒண்ணா, அஞ்சு பத்தா?”

“அஞ்சு பத்துங்க. ஏன், ஆறு மாசமா ஒரு வரன்கூட வரலையேன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்.”

நண்பர் ஒன்றும் சொல்லாமல் B நெடுவரிசையில் 5.10 என்று அடித்தார். என்டர் தட்டியதும் திரையில் 5.1 என்று நின்றது.