பட்டியலிலிருந்து பத்திக்கு

மாத மடலுக்குக் களத்திலிருந்து வரும் பணி விவரம் பெரும்பாலும் புள்ளியிட்ட பட்டியலாகவே அமைகிறது. அதில் என்ன நடந்தது என்பது இருக்கும். ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் உள்ள உறவு இராது. பட்டியலைப் பத்தியாக்குவது என்பது விடுபட்ட அந்த உறவைக் கேட்டறிந்து எழுதுவதாகும்.

ஊர்க் கண்மாய் ஒன்றைச் சீரமைக்கும் குழு, ஆகஸ்டு மாத மடலுக்கு நான்கு செய்திகளை அனுப்பியதாகக் கொள்ளலாம்: தூர்வாரல் 60 விழுக்காடு முடிந்தது, மடைப் பழுதுபார்ப்பு தாமதம், வரத்துக் கால்வாயில் முட்புதர் அகற்றப்பட்டது, கரையில் 500 பனை விதைகள் நடப்பட்டன. இவற்றை ‘மேலும்’, ‘அத்துடன்’ என்னும் சொற்களால் கோத்தால் புள்ளிகள் மறையுமே தவிரப் பட்டியல் மறையாது. மாறாக, காரணத்தை ஊகித்து, ‘முட்புதர் அகற்றப்பட்டதால் தூர்வாரல் 60 விழுக்காட்டை எட்டியது’ என்று எழுதினால், களத்தில் இல்லாத காரணம் ஒன்றை ‘ஆல்’ என்னும் உருபே உண்டாக்கிவிடும்.

ஆகவே பணிப் பொறுப்பாளரிடம், தாமதத்துக்குக் காரணம் என்ன, எஞ்சிய 40 விழுக்காடு எங்கே, ஏன் நிற்கிறது என்னும் இரண்டையும் கேட்டாக வேண்டும். மடையை ஒட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருப்பதே இரண்டுக்கும் காரணம் என்று விடை வந்தால், பட்டியலில் தனித்தனியாக நின்ற இரு செய்திகள் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து, வரிசையைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையின் நீர் கண்மாய்க்கு வந்து சேருமா என்று கேட்கும் உழவரின் கவலையிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது பத்தி இவ்வாறு அமையும்:

“பருவமழை நீர் கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயில் முட்புதர் அகற்றப்பட்டுள்ளது. கண்மாய்க்குள் தூர்வாரல் 60 விழுக்காடு முடிந்துள்ளது. மடையருகே தேங்கிய மழைநீர் இன்னும் வடியாததால், அங்கே எஞ்சிய தூர்வாரலும் மடைப் பழுதுபார்ப்பும் தாமதமாகின்றன. இதற்கிடையே, கரையில் 500 பனை விதைகள் நடப்பட்டுள்ளன.”

பனை விதைச் செய்திக்கு மற்றவற்றோடு காரண உறவு இல்லாததால், ‘இதற்கிடையே’ என்னும் கால உறவோடு அது நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். வரவு செலவு போல எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பகுதி பத்திக்கு ஏற்றதன்று; அது அட்டவணையாகவே இருக்கலாம்.

எழுதி முடித்த பத்தியை மீண்டும் பட்டியலாக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனையாகும். முடிந்தது, நடக்கிறது, தாமதமாகிறது என்னும் நிலைகளும் எண்களும் மூலப் பட்டியலோடு பொருந்த வேண்டும். கூடுதலாக வந்துள்ள ஒவ்வொரு காரணமும் பொறுப்பாளர் சொன்னதாக இருக்க வேண்டும். அவர் சொல்லாத காரணம் எவ்வளவு இயல்பாகத் தோன்றினாலும், அதை நீக்கிவிட்டே மடலை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.