மைக்ரோவேவ் அடுப்பில் உள்ள பனித்துகள், அலை, விசிறிக் குறிகள்

வெப்பக்காற்று வசதியுள்ள மைக்ரோவேவ் அடுப்பு (கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்) ஒரே பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு அடுப்புகளைக் கொண்டது. எந்த அடுப்பு வேலை செய்ய வேண்டும் என்பதை அதன் முகப்பில் உள்ள அலை, விசிறி, பனித்துகள் ஆகிய சிறு படங்கள் குறிக்கின்றன. இவற்றை மாற்றி அழுத்தினால் உணவு கெடுவதோடு, பாத்திரம் உருகுவதும் தீப்பொறி பறப்பதும் நேரலாம்.

அலை

ஒன்றன்கீழ் ஒன்றாக வளைந்து செல்லும் இரண்டு அல்லது மூன்று கோடுகள் மைக்ரோவேவ், அதாவது நுண்ணலை, முறையைக் குறிக்கும். அடுப்பில் உள்ள மேக்னட்ரான் என்னும் குழல் சுமார் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை உண்டாக்குகிறது. இவற்றை உணவில் உள்ள நீர் உறிஞ்சிச் சூடாகிறது. அடுப்பின் உட்சுவர் நேரடியாகச் சூடாவதில்லை. உலோகம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். அதன் கூர்முனைகளிலும், அலுமினியத் தாளின் மடிப்புகளிலும், பீங்கான் கோப்பையின் தங்க நிறக் கரையிலும் தீப்பொறி எழும். எனவே இம்முறையில் கண்ணாடி, சாதாரணப் பீங்கான், மைக்ரோவேவுக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்ட பிளாஸ்டிக் ஆகியவையே பொருந்தும்.

வளைந்த அலைக்கோட்டையும், அரிவாள் பல்லைப் போல முனை முனையாக மேற்புறம் வரையப்பட்ட கோட்டையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றனர். பல் கோடு கிரில் முறைக்கு உரியது. அதில் மேலே உள்ள கம்பி சிவக்கச் சூடாகி உணவின் மேற்பரப்பை வாட்டும்.

விசிறி

மூன்று அல்லது நான்கு இதழ்கள் கொண்ட விசிறி வெப்பக்காற்று முறையைக் குறிக்கும். மின்கம்பி காற்றைச் சூடாக்க, பின்புறம் உள்ள விசிறி அதை உள்ளே சுழற்றுகிறது. கேக், பிஸ்கட் போன்றவற்றுக்கு உரிய முறை இதுவே. இதில் கேக் டின் போன்ற உலோகப் பாத்திரம் வைக்கலாம். அலை முறைக்கு ஏற்ற பிளாஸ்டிக் கிண்ணமோ 180 டிகிரி வெப்பக்காற்றில் உருகிவிடும். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறிப்பு அலை முறைக்கு மட்டுமே பொருந்தும். விசிறி முறையில் சமைத்து முடித்த உடனே அலை முறைக்கு மாறினாலும், உட்புறம் ஆறும் வரை பிளாஸ்டிக் வைக்கக் கூடாது. அலையும் விசிறியும் சேர்ந்து வரையப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து இயங்கும். அப்போது உலோகமும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது.

கேக் செய்யும் முன் வெற்று அடுப்பை முன்சூடு செய்வது வழக்கம். விசிறிக்குப் பதிலாக அலையை அழுத்தி வெறுமையாக ஓட்டினால், அலைகளை உறிஞ்ச எதுவும் இல்லாததால் மேக்னட்ரான் பழுதாகலாம். திரையைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம்: விசிறி முறையில் வெப்பநிலை டிகிரியில் தெரியும், அலை முறையில் திறன் வாட்டிலோ சதவீதத்திலோ தெரியும். எல்லா முறைகளிலும் கேட்கும் காற்றோசை கருவியைக் குளிர்விக்கும் வேறொரு விசிறியுடையதாக இருக்கலாம். ஓசையை வைத்து முடிவு செய்ய இயலாது.

பனித்துகள்

ஆறு கிளைகள் கொண்ட பனித்துகள், சில கருவிகளில் நீர்த்துளியோடு சேர்ந்து, உறைந்த உணவை இளக்கும் முறையைக் குறிக்கும். குளிர்ப்பெட்டியில் இதே படம் உறைய வைப்பதைக் குறிப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு. அடுப்பு எதையும் குளிர்விப்பதில்லை. இம்முறையிலும் வேலை செய்வது நுண்ணலைதான், ஆனால் விட்டுவிட்டு. பல கருவிகளில் மேக்னட்ரான் சில நொடிகள் ஓடி, அதைவிட நீண்ட நேரம் ஓய்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. பனிக்கட்டி நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். நீர் நன்றாக உறிஞ்சும். முழுத் திறனில் ஓட்டினால் முதலில் இளகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி வெந்துவிடும், நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். இடையில் கிடைக்கும் ஓய்வில்தான் ஓரத்து வெப்பம் உள்ளே பரவுகிறது.

உறைந்த அரைக்கிலோ கோழிக்கறியை எடுத்துக்கொள்வோம். பாலித்தீன் பையையும் தெர்மாகோல் தட்டையும் நீக்கிவிட்டுக் கறியைக் கண்ணாடித் தட்டில் வைக்க வேண்டும். பனித்துகளை அழுத்தி, கருவி எடை கேட்டால் 500 கிராம் எனக் கொடுக்க வேண்டும். 900 வாட் கருவி 30 சதவீதத் திறனில் ஓடினால் சராசரியாக 270 வாட் கிடைக்கும். வேலை முடிய ஏறத்தாழ 9 நிமிடம் ஆகும். பாதி நேரத்தில் நிறுத்தி, தேங்கிய நீரை வடித்து, கறியைத் திருப்பி, பிரியும் துண்டுகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஓரம் வெளுக்கத் தொடங்கினால் அது வேகிறது என்று பொருள். அப்போதே நிறுத்திவிட வேண்டும். நடுவில் சிறிது பனி இருந்தாலும் வெளியே 10 நிமிடம் வைத்தால் இளகிவிடும். ஆங்காங்கே வெதுவெதுப்பாகியிருக்கும் என்பதால் கிருமிகள் பெருகாதபடி உடனே சமைக்க வேண்டும். மீண்டும் உறைய வைக்கக் கூடாது.

நுண்ணலை இல்லாத மின் அடுப்புகள் சிலவற்றிலும் பனித்துகள் குறி உண்டு. அங்கே விசிறி மட்டும், வெப்பமின்றியோ மிகக் குறைந்த வெப்பத்திலோ சுழலும். அதே அரைக்கிலோ கறி அதில் இளகப் பல மடங்கு நேரம் ஆகும்.