மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ

"அண்ணா, இதைக் கொஞ்சம் ஈஸியா மாத்திக் குடுங்க" என்று ஒரு கார்ட் ஷீட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது. கீபோர்டுக்காரர் எழுதியது. வரிகளுக்கு மேலே Eb, Bb, Cm, Ab. கீபோர்டில் இவை சாதாரணம். கிடாரிலோ பெரும்பாலும் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் கம்பிகளை மொத்தமாக அழுத்தும் 'பார்' கார்டுகள். புதிதாகக் கற்பவரின் கை முதல் சரணத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும்.

மாற்றுவதற்கு முன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மங்கலான படத்தில் அந்தச் சின்ன b காணாமல் போய்விடும். Ab வெறும் A ஆகத் தெரியும். Eb ஸ்கேல் பாட்டில் A வருவது அபூர்வம் என்பதால், அப்படித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மேல் மூலையையும் பாருங்கள். அங்கே ஏற்கெனவே 'Capo 2' என்று எழுதியிருந்தால், ஷீட்டில் இருப்பது விரல் பிடிக்கும் வடிவம் மட்டுமே. காதில் விழும் சுருதி அதைவிட இரண்டு அரைப்படி மேலே. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும்.

கேப்போ என்பது கிடாரின் கழுத்தில் மாட்டும் கிளிப். ஒரு ஃப்ரெட் தள்ளி மாட்டினால் சுருதி அரைப்படி ஏறும். அது ஏற்றத்தான் செய்யும், இறக்காது. ஆகவே Eb-க்குக் கீழே உள்ள எளிய ஸ்கேலைத் தேட வேண்டும். C-யிலிருந்து Eb மூன்று அரைப்படி. கேப்போ மூன்றில், Eb இருந்த இடத்தில் C, Bb-க்கு G, Cm-க்கு Am, Ab-க்கு F. மேஜர் மேஜராகவே இருக்கும், மைனர் மைனராகவே.

மிச்சமிருக்கும் தொல்லை F மட்டும். D வடிவத்துக்குப் போனால் கேப்போ ஒன்றில் போதும். ஆனால் Cm இருந்த இடமெல்லாம் Bm, அதுவும் பார்தான். G வடிவத்தில் கடினமான கார்டே இல்லை. ஆனால் கேப்போ எட்டாம் ஃப்ரெட்டுக்குப் போய், கிடார் மேண்டலின் மாதிரி கீச்சிடும். C-யா D-யா என்பதை ஷீட்டை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். நம் ஷீட்டில் Cm வரிக்கு ஒரு தடவை வருகிறது, Ab பல்லவியின் கடைசியில் மட்டும். ஆகவே C. அந்த F-க்கும் Fmaj7 பிடித்தால் போதும்: நாலாவது கம்பியில் மூன்று, மூன்றாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, முதல் கம்பி திறந்தபடி. ஓசை சற்று மென்மையாகும், பாட்டு கெடாது.

கேப்போவை ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் மாட்டுங்கள். தள்ளிப்போனால் கம்பி இரையும். மாட்டிய பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் கீபோர்டுக்காரர் "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால் மட்டும் C என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது இப்போதும் Eb-தான்.