கூரை விற்கலாம், கணக்கு விற்க முடியுமா?

கூரைமேல் சூரியத் தகடுகள் உள்ள வீட்டை விற்பவர், தகடுகளுக்கு எவ்வளவு செலவிட்டோம் என்று கணக்கிட்டு விலையைக் கூட்டுகிறார். வாங்குபவர் பார்க்க வேண்டியதோ வேறு. தகடு கூரையில் இருக்கிறது. அதன் பயனில் பெரும்பகுதி மின் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஜொகூரில் மின்சாரம் வழங்குவது தெனாகா நேஷனல். 2021இல் தொடங்கிய மூன்றாம் நிகர அளவீட்டுத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக்காரர், பகலில் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரவில் வாங்கும் ஒரு யூனிட்டைக் கழித்துக்கொள்கிறார். இந்தச் சலுகை பத்து ஆண்டுகளுக்கே உரியது. வீடு கைமாறினாலும் ஆண்டுகள் புதிதாகத் தொடங்குவதில்லை.

ஸ்குடாயில் ஓர் இணைவீடு என்று கொள்வோம். 4 கிலோவாட் அமைப்பு. 2022 மார்ச்சில் இணைக்கப்பட்டது. 2026 மார்ச்சில் விற்பனைக்கு வருகிறது. மாதம் சுமார் 400 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 44 சென் எனில் மாதம் 176 ரிங்கிட் மிச்சம். எஞ்சிய ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12,700 ரிங்கிட். அதன்பின் பகலில் வீட்டிலேயே செலவாகும் மின்சாரத்துக்கு மட்டுமே பயன். அது மூன்றில் ஒரு பங்கு என்றால் மாத மிச்சம் 60 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மின்மாற்றியையும் ஏறக்குறைய அதே சமயத்தில் புதுப்பிக்க நேரலாம். ஆகவே நியாயமான கூடுதல் விலை, அந்த 12,700க்கும் குறைவாகவே அமையும்.

இனி பெயர் மாற்றம். தெனாகாவின் படிவத்தில் இதற்குரிய ஆங்கிலப் பெயர் 'குடியிருப்பவர் மாற்றம்' என்னும் பொருளுடையது. வீட்டை விலைக்கு வாங்கியவரும் அப்படிவத்தில் குடியிருப்பவரே. சொல்லாராய்ச்சி செய்தவனுக்கு இது வேடிக்கை. ஆனால் அச்சொல் உண்மையைக் காட்டுகிறது: மின்கணக்கு வீட்டுக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்பவர் தம் பாக்கியைத் தீர்க்க வேண்டும்; வாங்குபவர் அடையாள அட்டையும் விற்பனை ஒப்பந்தமும் காட்டி, புதிய வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

இங்கேதான் தவறு நிகழ்கிறது. விற்பவர் வழக்கம்போல் கணக்கை மூடிவிட்டுப் போனால், நிகர அளவீட்டு ஒப்பந்தமும் அதோடு அறுந்துபோகலாம். மூன்றாம் திட்டத்தில் புதிதாகச் சேரும் வாய்ப்பு 2025 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. அதற்குப்பின் வந்த சோலார் அத்தாப் திட்டத்தில், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஈடு குறைவு. மீதி அடுத்த மாதத்துக்கும் செல்லாது. ஆகவே, 'கணக்கை மூட வேண்டாம். ஒப்பந்தத்தையும் சேர்த்து மாற்றித் தருக' என்று இருவரும் எழுத்தில் கேட்பது நல்லது. விற்பனை ஒப்பந்தத்திலும் தகடுகள், மின்மாற்றி, எஞ்சிய திட்டக்காலம் ஆகியவற்றைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். தகடுகள் தவணையிலோ குத்தகையிலோ இருந்தால், அவை விற்பவருடையவையாக இல்லாமல் இருக்கலாம்; அந்த நிறுவனத்தின் இசைவும் தேவைப்படலாம்.

ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, கடைசிப் பன்னிரண்டு மாதப் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். வெளியே அனுப்பிய யூனிட் அவற்றில் தனியாகக் காணப்படும். அந்த வரி இல்லையென்றால், கூரையில் தகடு இருந்தும் கணக்கில் இல்லை.